முதல் முறையாக இன்டர்வியூ எடுக்கப் போகிறவருக்கு: எப்படிக் கேட்பது, எதை எழுதுவது, எதைக் கேட்கவே கூடாது

நேற்று வரை லைனில் நின்று வேலை பார்த்தவரைக் கூப்பிட்டு, "நாளைக்கு நாலு பேர் வர்றாங்க, நீங்களே பாத்து ஒருத்தரை எடுத்துடுங்க" என்று சொல்லிவிடுவது ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் சாதாரணமாக நடக்கும். எப்படிப் பார்ப்பது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் புதிதாக எடுப்பவர், தன்னை முன்பு யாரோ எடுத்த மாதிரியே எடுக்கிறார்: உங்களைப் பத்திச் சொல்லுங்க, சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார், கல்யாணம் ஆயிடுச்சா, உங்க பலம் என்ன பலவீனம் என்ன. இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேலை தெரியுமா என்று காட்டாது. நடுவில் உள்ள மூன்றையும் கேட்கவே கூடாது, அதைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை பார்க்கலாம். குளோசிங் லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி வந்த தோல் துண்டுகளைத் தைத்து ஷூவின் மேல்பாகமாக ஆக்கும் பகுதி அது. முப்பது நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள், ஒருவர் கையை விட்டுப் போன துண்டுதான் அடுத்தவருக்கு வேலை.

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, இந்த வேலையை நன்றாகச் செய்கிற ஒரு சூப்பர்வைசர் ஒரு நாளில் உண்மையில் என்னவெல்லாம் செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதினால் நான்கு விஷயம் வரும். தையலில் தவறு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. காலையில் இரண்டு ஆபரேட்டர் வராவிட்டால் லைனை மாற்றி அமைத்து ஓட்டுவது. தவறு செய்த ஆபரேட்டரிடம், அவர் முகம் வாடாமல், ஆனால் விஷயம் புரியும்படி பேசுவது. மணிக்கு எத்தனை ஜோடி முடிந்தது, எத்தனை ரீவொர்க் போனது என்பதை ஒழுங்காக எழுதி வைப்பது. நான்கே போதும். பத்து எழுதினால் அரை மணி நேர இன்டர்வியூவில் எதையும் ஆழமாகக் கேட்க முடியாது. நாளைக்கு நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், எழுதும் ஒவ்வொரு வரியும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். எதையும் சேராத கேள்வி வாயில் வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி தயார் செய்யும்போது "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதைவிட "இப்படி நடந்த ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்று கேட்பது மேல். முதல் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் நல்ல பதில் சொல்லிவிடலாம். "மெஷினை நிறுத்தி, காரணத்தைக் கண்டுபிடிச்சு, மேனேஜர்கிட்ட சொல்லுவேன் சார்" என்பதற்கு லைன் பக்கமே போயிருக்க வேண்டியதில்லை. நடந்த நாளைச் சொல்லச் சொன்னால் அவர் பார்த்ததைத்தான் சொல்லியாக வேண்டும். இதில் ஒரு குறை உண்டு. இதுவரை ஆபரேட்டராகவே இருந்து முதல் முறையாக மேலே வர நினைப்பவரிடம் "ஆட்களை மாற்றி அமைத்த நாளைச் சொல்லுங்கள்" என்றால் அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. அவரிடம் மட்டும் இல்லாமல் வந்த எல்லாரிடமும், "நீங்களே செய்தது இல்லை என்றால், நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் எதை வேறு மாதிரி செய்திருப்பீர்கள்?" என்ற வாசலையும் திறந்து வையுங்கள். நான்கு பேருக்கும் அதே நான்கு கேள்விகள், அதே வரிசை. ஒருவரிடம் எளிதாகவும் இன்னொருவரிடம் கடினமாகவும் கேட்டுவிட்டு இருவரையும் ஒப்பிட முடியாது.

சரி, ஆள் உள்ளே வருகிறார். மே மாத வேலூர் வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்திருப்பார், முதலில் தண்ணீர் கொடுங்கள். பிறகு நடக்கப் போவதைச் சொல்லிவிடுங்கள்: "அரை மணி நேரம் ஆகும். வேலையில நடந்த நாலு விஷயம் கேட்பேன், யோசிச்சு நிதானமா சொல்லுங்க. கேட்டுக்கிட்டே எழுதுவேன், எல்லார்கிட்டயும் அப்படித்தான், தப்பா நினைச்சுக்காதீங்க. கடைசியில நீங்க கேட்க வேண்டியதைக் கேட்கலாம்." இந்த நான்கு வரிக்கு அரை நிமிடம்தான் ஆகும், ஆனால் அதற்குப் பிறகு எதிரே இருப்பவரின் குரல் மாறுவது உங்களுக்கே தெரியும்.

இப்போது கேட்பது பற்றி. புதிதாக இன்டர்வியூ எடுப்பவர்களில் பலர் செய்வது, பேசிக்கொண்டே இருப்பது. கம்பெனியைப் பற்றிப் பேசுவார்கள், கேள்வியைக் கேட்டுவிட்டு அதைத் தாங்களே விளக்குவார்கள், பதில் கொஞ்சம் தாமதமானால் "அதாவது நீங்க மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பீங்க, இல்லையா?" என்று பதிலையும் கொடுத்துவிடுவார்கள். எதிரே இருப்பவர் "ஆமா சார்" என்பார். அது உங்கள் பதில், அவருடையது இல்லை. கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பதில் முடிந்தது போலத் தோன்றும்போதும் இன்னொரு முறை எண்ணுங்கள். பல பேர் முக்கியமானதை அந்த இரண்டாவது இடைவெளிக்குப் பிறகுதான் சொல்வார்கள்.

எட்டு வருடம் தையல் மெஷினில் இருந்துவிட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தையல் தவறு பற்றிய முதல் கேள்வியைக் கேட்கிறீர்கள்.

"ஒரு தடவை தையல் விட்டு விட்டு விழுந்துச்சு சார். நிறைய ஜோடி. எல்லாரும் சேர்ந்து சரி பண்ணிட்டோம்."

இங்கே நிறுத்திவிட்டால் உங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. "சும்மா பொதுவா சொல்றாங்க, விஷயம் தெரியாது" என்று முடிவு கட்டிவிடுவதும் இங்கேதான். நம் ஊரில் தான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்வது பலருக்குக் கூச்சம், மேலதிகாரி முன்னால் இன்னும் கூச்சம். எனவே குறை சொல்லும் தொனி இல்லாமல் உள்ளே போங்கள்: "முதல்ல அதை யார் பாத்தாங்க?"

"நான்தான் சார். என் மெஷின்ல ரெண்டு துண்டு சேர்ற இடத்துல மட்டும் தையல் விட்டுச்சு. மத்த இடத்துல நல்லா விழுந்துச்சு."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஊசி மாத்தினோம். அப்பவும் விட்டுச்சு." கொஞ்சம் மௌனம். இங்கே நீங்கள் பேசக் கூடாது. "அப்புறம் அந்த ஓரத்தைக் கையால தடவிப் பாத்தேன் சார், ரொம்ப தடிமனா இருந்துச்சு. ஸ்கைவிங்ல சரியா சீவாம அனுப்பியிருக்காங்க. அங்க போய்ப் பாத்தா பிளேடு மழுங்கிப்போயிருந்துச்சு."

தொழில் தெரிந்தவருக்கு இந்தப் பதிலின் மதிப்பு உடனே புரியும். தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவதுதான் ஸ்கைவிங். சீவல் சரியில்லை என்றால் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடம் தடித்துவிடும், ஊசி அங்கே கொஞ்சம் வளையும், நூல் கொக்கியில் மாட்டாமல் தையல் விடும். ஊசியை மாற்றிவிட்டு, நூலைக் குறை சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களே அதிகம். இவர் தன் மெஷினைத் தாண்டி, தனக்கு முந்தைய மேசை வரை போயிருக்கிறார். சூப்பர்வைசரிடம் நாம் தேடுவது இதைத்தான். "எல்லாரும் சேர்ந்து சரி பண்ணிட்டோம்" என்ற வரியோடு நின்றிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

இன்னும் இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது: "அதுக்கு முன்னாடி தைச்ச ஜோடிங்களை என்ன பண்ணீங்க?", "மறுநாள் என்ன ஆச்சு?" கதை கட்டிச் சொல்பவர் பெரும்பாலும் இந்த இடத்தில் தடுமாறுவார், ஏனென்றால் கட்டிய கதை பிரச்சினை தீர்ந்த இடத்தில் முடிந்துவிடும். உண்மையில் நடந்த விஷயத்துக்குப் பின்தொடர்ச்சி இருக்கும்: நாற்பது ஜோடியைத் தனியாக ஒரு கூடையில் எடுத்து வைத்தது, மறுநாள் ஸ்கைவிங் மேசையில் ஒருவர் கோபித்துக்கொண்டது, மெக்கானிக் வர தாமதமானது. இப்படிச் சின்னச் சின்ன விவரங்கள் கேட்காமலேயே வந்து விழும்.

எழுதுவதற்கு வருவோம். ஒருவருக்கு ஒரு தாள், தாளில் நான்கு கட்டம், முந்தைய நாள் எழுதிய நான்கு விஷயத்துக்கும் ஒவ்வொன்று. கட்டத்தில் எழுத வேண்டியது அவர் சொன்னதையும் செய்ததையும் மட்டும். மேலே பார்த்த பதிலுக்கு என் தாளில் இப்படி இருக்கும்: "சேரும் இடத்தில் தையல் விட்டது – ஊசி மாற்றியும் தீரவில்லை – ஓரம் தடிப்பு என்று தானே பார்த்தார் – ஸ்கைவிங் பிளேடு மழுங்கல் – 40 ஜோடி தனியே வைத்தார்." முழு வாக்கியம் தேவையில்லை. இதே இடத்தில் "நல்ல அனுபவம், பொறுப்பானவர், கொஞ்சம் பயந்த சுபாவம்" என்று எழுதினால் மாலையில் நான்கு தாளையும் விரித்து வைக்கும்போது எதுவும் நினைவுக்கு வராது, நான்கிலும் ஏறக்குறைய அதே சொற்கள்தான் இருக்கும். பயந்த சுபாவம் என்பது உங்கள் கருத்து. அவர் மூன்றாவது கேள்விக்கு என்ன சொன்னார் என்பதே தகவல்.

ஆளை அடையாளம் வைத்துக்கொள்ள "பச்சைப் புடவை", "கர்ப்பிணி மாதிரி தெரியுது", "பர்தா", "நெற்றியில் விபூதி" என்றெல்லாம் ஓரத்தில் கிறுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பெயர், வந்த நேரம் போதும். நாளைக்கு அவருக்கு வேலை கிடைக்காமல் போய், ஏன் என்று யாராவது கேட்டால், அந்த ஓரக் கிறுக்கல்தான் காரணமாகத் தெரியும். ஒருவேளை உண்மையிலேயே உங்கள் மனதில் அதுதான் காரணமாகவும் ஆகியிருக்கலாம்.

எழுதும் வேகத்தையும் கவனியுங்கள். அவர் ஒரு தவறை ஒப்புக்கொண்ட நொடியில் மட்டும் பேனா ஓடினால் அவர் அதைப் பார்த்துவிடுவார், அதற்குப் பிறகு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். எல்லாப் பதிலுக்கும் இரண்டு மூன்று சொல்லாவது எழுதிக்கொண்டே வாருங்கள். அவர் போனதும் அடுத்தவரைக் கூப்பிடாமல் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு விட்டதை நிரப்புங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண். எது எத்தனை என்பதை முந்தைய நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். தையல் தவறு கேள்விக்கு நான் வைப்பது: நடந்த சம்பவம் எதுவும் சொல்ல முடியாவிட்டால் ஒன்று, சொன்னார் ஆனால் கண்டுபிடித்தது வேறொருவர் என்றால் இரண்டு, தானே கண்டுபிடித்து அன்றைக்குச் சரிசெய்தால் மூன்று, வேர் வரை போய் மறுபடி வராமல் பார்த்துக்கொண்டால் நான்கு. ஐந்து வைத்தால் முடிவெடுக்கத் தயங்கும்போதெல்லாம் கை மூன்றில் போய் நிற்கும், அதனால்தான் நான்கு. உங்களோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு முடிக்கும் வரை ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாதீர்கள். மூத்தவர் "நல்லா பேசுறான்ல?" என்று சொல்லிவிட்டால் உங்கள் இரண்டு தானாக மூன்றாகிவிடும்.

இனி, கேட்கக் கூடாதவை. இன்டர்வியூவில் கேட்கக் கூடாத கேள்விகள் என்று ஒரே பட்டியலாகப் போட்ட சட்டம் இந்தியாவில் இல்லை. வெவ்வேறு சட்டங்களில் இருக்கிறது, பெரும்பாலும் கேள்வியைவிட அந்தக் காரணத்துக்காக வேலை மறுப்பதையே அவை தடுக்கின்றன. ஆனால் நீங்கள் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டுவிட்டு, பிறகு வேலை இல்லை என்றால், கேட்ட கேள்வியே உங்களுக்கு எதிரான சாட்சி. பெண் என்பதற்காக ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தீண்டாமையைக் காட்டி ஒருவருக்கு வேலையைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டு வந்தால்தான் வேலை என்று சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பெண்களிடம் கேட்பதில் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு ஒரு வழக்கு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் சேர்ந்த நீரா மாத்தூர் என்பவர் நிரப்ப வேண்டியிருந்த படிவத்தில், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. அதில் தவறான தகவல் கொடுத்தார் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதெல்லாம் பழைய காலம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கைபேசித் தொழிற்சாலையில் மணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்து, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது.

நம் பக்கத்தில் இந்தக் கேள்விகள் நேராக வருவதில்லை என்பதுதான் சிக்கல். யாரும் இப்போது "நீ என்ன சாதி" என்று கேட்பதில்லை. "எந்த ஊர்?" என்று தொடங்கும். ஊரைச் சொன்னதும் "அங்க எந்தத் தெரு? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று போகும். பிறகு "அப்பா என்ன வேலை பார்த்தார்?", சில இடங்களில் "குலதெய்வம் எந்தக் கோயில்?" கேட்பவர் தெரிந்தவரா என்று விசாரிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். எதிரே இருப்பவருக்கு அது என்ன கேள்வி என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும், பள்ளிக்கூடத்திலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். தோலை நம்பி வாழும் இந்த மாவட்டங்களில், அந்தத் தோலைப் பதப்படுத்தியவர்களின் பிள்ளைகள் படித்துவிட்டு மேசைக்கு எதிரே வந்து உட்காரும்போது தெருவைக் கேட்பது அநியாயம். கம்பெனி பஸ்ஸுக்காக ஊர் தெரிய வேண்டும் என்றால், வேலை உறுதியான பிறகு "எந்த ஸ்டாப்பில ஏறுவீங்க?" என்று கேட்டால் போதும்.

கேள்விக்குப் பின்னால் நியாயமான தேவை ஒன்று இருக்கலாம். அப்படி இருந்தால் தேவையை நேராகச் சொல்லி, அதே சொற்களில் எல்லாரிடமும் கேளுங்கள். "கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தையை யார் பாத்துக்குவாங்க?" என்பதன் பின்னால் இருப்பது நேரத்துக்கு வருவாரா என்ற கவலை. எனவே: "லைன் காலை எட்டரைக்கு ஆரம்பிக்கும். ஷிப்மென்ட் வாரத்துல சாயங்காலம் கூடுதலா ரெண்டு மணி நேரம் இருக்க வேண்டி வரலாம். உங்களுக்கு ஒத்துவருமா?" ஆண் வந்தாலும் இதே கேள்வி. அவர் ஒத்துவரும் என்றால் அதோடு விடுங்கள், "எப்படி?" என்று பெண்ணிடம் மட்டும் துருவாதீர்கள். பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்து ஆட்கள் லைனில் உருது பேசுவார்கள் என்பதால் மொழி முக்கியம் என்றால், "லைன்ல உள்ளவங்ககிட்ட எந்தெந்த மொழியில வேலை சொல்ல முடியும்?" என்று கேளுங்கள். தாய்மொழி எது, எந்த மதம் என்பது உங்களுக்கு வேண்டாம். காலில் குறையோடு ஒருவர் வந்தால் அது எப்படி ஆச்சு என்று கேட்காமல், "நாள் முழுக்க லைன்ல நடந்துக்கிட்டே பாக்கணும், அதுக்கு நாங்க ஏதாவது ஏற்பாடு செய்யணுமா?" என்று கேளுங்கள்.

கேட்கக் கூடாத இந்தக் கேள்விகள் பெரும்பாலும் தயாரித்த கேள்விகளில் இருக்காது. தண்ணீர் கொடுக்கும் முதல் இரண்டு நிமிடத்திலும், முடிந்து கேட் வரை கூட நடந்து போகும்போதும்தான் வாயில் வரும். அந்த நேரத்துக்குப் பஸ், வெயில், வழி கண்டுபிடித்தது பற்றிப் பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். அவரே "எனக்கு ரெண்டு பசங்க சார்" என்று சொன்னால் "சரிங்கம்மா" என்று கேட்டுவிட்டு வேலைப் பேச்சுக்குத் திரும்புங்கள், தாளில் எழுதாதீர்கள். பக்கத்தில் இருக்கும் மூத்தவர் அப்படிக் கேட்டுவிட்டால்? கடினம்தான். வந்தவரைப் பார்த்து, "அதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லைங்க, அடுத்து ஆள் குறைஞ்ச நாளைப் பத்திச் சொல்லுங்க" என்று அமைதியாகத் திருப்பிவிடுங்கள். மூத்தவரிடம் தனியாகப் பேசும்போது, "சார், அதைக் கேட்டுட்டு நாம அவங்களை எடுக்கலைன்னா கம்பெனிக்குப் பிரச்சினை வரும்" என்றால் அவர் காதில் விழும்.

மாலையில் நான்கு தாளையும் விரித்து, முதலில் எல்லாருடைய முதல் கட்டத்தையும், பிறகு எல்லாருடைய இரண்டாவது கட்டத்தையும் பாருங்கள். ஆள் வாரியாகப் பார்த்தால் நன்றாகப் பேசியவர் எல்லாக் கட்டத்திலும் நல்லவராகத் தெரிவார். குடியாத்தம் பெண் தவறு கண்டுபிடிப்பதில் நான்கு, ஆட்களிடம் பேசுவதில் மூன்று, லைன் மாற்றுவதில் இரண்டு, கணக்கு எழுதுவதில் இரண்டு. கலகலப்பாகப் பேசிய இன்னொருவர், கணக்கில் மூன்று, மற்ற மூன்றிலும் இரண்டு. கணக்கு எழுதுவதை இரண்டு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம், ஓரத்தைத் தடவிப் பார்க்கும் கையை அப்படிக் கற்றுக்கொடுக்க முடியாது, எனவே என் முடிவு அந்தப் பெண். காரணத்தை இரண்டு வரியில் தாளின் கீழே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, நான்கு தாளையும் ஒரே கவரில் அலுவலகத்தில் கொடுங்கள். மற்ற மூவருக்கும் எந்த நாளில் சொல்வதாகச் சொன்னீர்களோ அன்றைக்கே போன் செய்துவிடுங்கள். ஏன் என்று கேட்டால் கட்டத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்: "தையல் தவறு எங்கிருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்ச அனுபவம் இன்னும் கொஞ்சம் வேணும்னு பாத்தோம்."